கூறைப்புடவை இன்னும் அலமாரியில்: அத்தைக்கு எப்படி எழுதுவது?

கேள்வி: எனக்கு 46 வயது. கோலாலம்பூர் செத்தாபாக்கில் குடும்பத்தோடு இருக்கிறேன். என் அப்பாவின் அக்கா பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறார். அப்பா காலமான பிறகு அந்த வீட்டுக்குப் பிறந்த வீட்டுப் பிள்ளை என்று நான் ஒருவன்தான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தைக்கும் மாமாவுக்கும் எண்பதாம் கல்யாணம். கூறைப்புடவையும் வேட்டியும் நான்தான் கொண்டுபோக வேண்டும். முதல் நாள் இரவு கெந்திங்கில் எங்கள் கம்பெனி விருந்து. மனைவி பிள்ளைகளோடு போய் அங்கேயே தங்கிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு நேராகப் பினாங்குக்குக் கிளம்பலாம் என்று படுத்தேன். எழுந்தபோது மணி எட்டு. முகூர்த்தம் ஒன்பதுக்கு. பதற்றத்தில் அத்தை மகனான மச்சானை அழைத்து, காடி தாப்பாவில் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டேன். "ஈப்போவில் என் கூட்டாளி இருக்கான், அனுப்புறேன்" என்றார். போனை அடைத்துவிட்டேன். விருந்துப் படங்கள் என் மனைவியின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இருந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். இப்போது அத்தைக்குப் போன் போட்டால், "பரவால்லப்பா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். புடவை இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கீழ்க்கண்டபடி ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?

"அன்புள்ள அத்தைக்கு, தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் இல்ல விழாவில் கலந்துகொள்ள இயலாமல் போனதற்கு வருந்துகிறேன். என் செயல் தங்கள் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். என் வேலைப் பளு தங்களுக்குத் தெரிந்ததே. அடுத்த விசேஷத்துக்குக் கண்டிப்பாக வருவேன். இத்துடன் 500 வெள்ளி அனுப்பியுள்ளேன்."

பதில்: அனுப்ப வேண்டாம். கடிதம் எழுதும் எண்ணம் நல்லதுதான். ஆனால் இந்தக் கடிதம் அழைப்பிதழ் கிடைத்தும் வராத ஒரு விருந்தாளி எழுதியது போல இருக்கிறது. நீங்கள் அந்த வீட்டுக்கு விருந்தாளி இல்லை.

அன்று காலை அங்கே என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வழக்கம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பொதுவாக எண்பதாம் கல்யாணத்தில் ஹோமம் முடிந்ததும் இருவரையும் மணையில் உட்கார வைத்து, பிள்ளைகளும் உறவுக்காரர்களும் கலசத் தண்ணீரை ஊற்றுவார்கள். ஊற்றி முடித்ததும் நனைந்த துணியோடு இருவரும் எழுந்து உள்ளே போவார்கள். அப்போது கட்டிக்கொண்டு வர வேண்டிய புதுப்புடவைதான் பிறந்த வீட்டுக் கூறை. அதைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் மறுபடி தாலி கட்டுவது. உங்கள் அத்தை ஈரப் புடவையோடு உள்ளே போன நேரத்தில் அந்தப் புடவை கெந்திங்கில் உங்கள் காடிக்குள் இருந்தது. அவர் எதைக் கட்டிக்கொண்டு மணைக்குத் திரும்பினார்? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரியாமல் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மாமா பக்கத்துச் சொந்தம். தாம்பூலத் தட்டோடு பிறந்த வீட்டார் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. கல்யாணமாகி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனாலும், "தம்பி வீட்டுலேர்ந்து யாரும் வரலையா?" என்ற கேள்வி வந்தால் ஒரு பெண்ணுக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். பதிலுக்கு அவர் சொல்லியிருக்கக்கூடியது ஒன்றே ஒன்று, "காடி கெட்டுப்போச்சாம்." பிறகு அந்தப் படங்கள் வெளிவந்தன. அதாவது உங்கள் பொய்யை அத்தை தன் வாயால் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு உங்கள் மேல் இருக்கும் வருத்தத்தில் பெரும் பங்கு இதுதான் என்று எனக்குப் படுகிறது. வராமல் போனது அதற்கு அடுத்தபடிதான்.

அந்த "பரவால்லப்பா, சாப்டியா?"வையும் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அவர் உங்களை மன்னித்துவிடவும் இல்லை, வெறுத்துவிடவும் இல்லை. இன்னொரு பொய்யைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை. நீங்கள் காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பேச்சை மரியாதையாக முடித்துவிடுகிறார். மறுபடி மறுபடி போன் போட்டால் மறுபடி மறுபடி இதே பதில்தான் வரும். அதனால்தான் கடிதம் நல்லது என்கிறேன். கடிதத்தை நடுவில் நிறுத்தி சாப்பிட்டாயா என்று கேட்க முடியாது.

"நேரா போய்க் கால்ல விழுந்துடு, எல்லாம் சரியாயிடும்" என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். போகத்தான் வேண்டும், ஆனால் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு. தம்பி மகன் தட்டோடு வாசலில் வந்து நின்றால் எந்த அத்தையும் "வாப்பா, உள்ள வா, பசியாறினீங்களா?" என்றுதான் சொல்வார். தோசை ஊற்றுவார், பிள்ளைகளைக் கொஞ்சுவார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். வந்தவரைக் கண்டிக்க அந்தத் தலைமுறைக்கு மனம் வராது. என்னிடம் வரும் குடும்பங்களில் பல வருஷமாகப் புகைந்துகொண்டிருக்கும் மனத்தாங்கல்கள் பாதிக்கு மேல் இப்படி விருந்துபசாரத்தால் மூடி வைக்கப்பட்டவைதான். கடிதம் முன்னால் போய்விட்டால், கோபப்படவோ அழவோ மாமாவிடம் பேசவோ அவருக்குத் தனியாக நேரம் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, "அடுத்த விசேஷத்துக்குக் கண்டிப்பாக வருவேன்." இதை எடுத்தே விடுங்கள். எண்பதாம் கல்யாணம் ஆயிரம் பிறை கண்டதற்காகச் செய்வது. ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறை என்று கணக்குப் போட்டால் 80 வயதும் பத்து மாதமும் வரும். மாமாவின் வயதை வைத்துப் போடும் இந்தக் கணக்கில் சில மாதம் முன்னே பின்னே செய்வார்கள். எப்படியும் வாழ்க்கையில் ஒரு தடவைதான் வரும். அந்தத் தம்பதிக்கு "அடுத்த விசேஷம்" என்று எழுதினால், வயதான காதில் அது என்னவாக விழும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் அப்படி நினைத்து எழுதவில்லை, எனக்குத் தெரியும். படித்துக் காட்டுகிறவர் அந்த வரியில் ஒரு கணம் தயங்குவார், அத்தைக்குப் புரிந்துவிடும்.

இரண்டு, "புண்படுத்தியிருந்தால்." புண்பட்டதா இல்லையா என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும் போல இருக்கிறது. இல்லை என்று சொன்னால் உங்களுக்கு வேலை முடிந்தது. ஆமாம் என்று சொல்லும் சுபாவம் அவருக்கு இல்லை. இந்த 'இருந்தால்' இருக்கும்வரை கடிதத்தில் மன்னிப்பு இல்லை. "தவிர்க்க முடியாத காரணங்கள்" சங்கக் கூட்டம் ஒத்திவைப்புக்கு எழுதுவது, அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. பணத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது எந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். தூங்கிப்போனேன் என்று எழுதினால் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். கெந்திங்கிலிருந்து என்றால் மலை இறங்கும் நேரமும் சேரும். விருந்து முடிந்து நடுராத்திரிக்கு மேல் படுத்து, பிள்ளைகளை மூன்று மணிக்கு எழுப்பி, வழியில் ஓய்விடத்தில் நிறுத்திக் குளிப்பாட்டி உடுத்தி, ஒன்பது மணி முகூர்த்தத்துக்குப் பட்டுப்புடவைத் தட்டோடு போய் நிற்பது நடக்காத காரியம். அதற்கு ஒத்துக்கொண்டது சனிக்கிழமை மாலை, நல்ல முழிப்பில். மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தச் சனிக்கிழமை மாலைக்கு. சீர் கொண்டுவருகிறவர் முதல் நாளே வந்து இறங்கிவிடுவார் என்பது அத்தைக்கு நன்றாகத் தெரியும். அதனால் "தூக்கம்" என்று எழுதினால், இன்னும் எதையோ மறைக்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

கடிதம் எழுதுவதற்கு முன்னால் மச்சானைக் கூப்பிடுங்கள். பொய் சொன்னது அவரிடம், உதவிக்கு ஆள் அனுப்ப இருந்தவரும் அவர். அவருக்குத் தெரியாமல் அவர் வீட்டுக்குக் கடிதம் போனால், அம்மாவிடம் மட்டும் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறான் என்று நினைப்பார். சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்: "மச்சான், தாப்பான்னு சொன்னது பொய். கெந்திங்லதான் இருந்தேன். நீங்க ஆள் அனுப்புறேன்னு சொன்னதும் பயந்துபோய் போன அடைச்சிட்டேன். தப்பு என்னோடது." அவர் திட்டினால் திட்டட்டும். குறுக்கே பேசாதீர்கள், "படத்தை அவள் போட்டதால்தான்" என்று மனைவியை இழுக்காதீர்கள். அவர் ஓய்ந்த பிறகு இரண்டு விஷயம் கேளுங்கள். அன்று அத்தை எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டார்? பிறந்த வீட்டுத் தட்டை யார் எடுத்துக் கொடுத்தார்கள்? அந்த இரண்டு பதிலும்தான் உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி. மச்சான் போனை எடுக்கவே இல்லை என்றால் அவர் மனைவியிடம் பேசுங்கள். அவரும் எடுக்காவிட்டால் மச்சானுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி எழுதி அனுப்பிவிட்டுக் கடிதத்தைப் போடுங்கள். குடும்பக் குழுவில் ஒரு வரியும் போட வேண்டாம்.

அடுத்தது, கடிதத்தை யார் படிப்பார்? எண்பதை நெருங்கியவர், கண்புரை அறுவை செய்துகொண்டவராகக்கூட இருக்கலாம். எப்படியும் மருமகளோ மச்சானோதான் சத்தமாகப் படித்துக் காட்டுவார், பக்கத்து நாற்காலியில் மாமா இருப்பார். பேரப்பிள்ளைகள் மலாய்ப் பள்ளிக்குப் போகிறவர்கள் என்றால் அவர்களால் தமிழ் படிக்க முடியாமல் போகலாம். அதனால் எழுதும்போதே சத்தமாகப் படித்துப் பாருங்கள். நீங்களும் அத்தையும் மட்டும் அறிந்த குடும்ப ரகசியம், மருமகள் வாயில் வரக்கூடாத வார்த்தை, எதுவும் அதில் இருக்க வேண்டாம். வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். "தங்கள்" எல்லாம் வேண்டாம், நேரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி "நீங்கள்" போதும்.

கையால் எழுதுங்கள். தடித்த கறுப்பு மையில், அத்தை தானே எடுத்துப் பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். நீல மை வெளிறித் தெரியும், வயதான கண்ணுக்குச் சிரமம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு தமிழை விட்டவர்தான் நீங்கள் என்றாலும் பரவாயில்லை, ஒற்றுப் பிழை இருந்தால் அவர் கோபிக்க மாட்டார். கணினியில் அடித்து அச்செடுத்தால்தான் வங்கிக் கடிதம் போல இருக்கும். வேறு யாரையும் எழுதித் தரச் சொல்லாதீர்கள், உங்கள் கையெழுத்து அந்த வீட்டில் தெரியும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். விவரங்களை மச்சான் சொன்னபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

உ

செத்தாபாக், கோலாலம்பூர்
(தேதி)

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். நீங்களும் மாமாவும் நலமா? மாமாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் எண்பதாம் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. காடி தாப்பாவில் நின்றுவிட்டது என்று சொன்னது பொய். சனிக்கிழமை கெந்திங்கில் கம்பெனி விருந்து இருந்தது. அன்று நான் புடவையோடு பினாங்கில் இருந்திருக்க வேண்டும். விருந்துக்குப் போனேன். இரவு அங்கேயே தங்கினேன். காலையில் எழுந்தபோது நேரம் தாண்டிவிட்டது. உண்மையைச் சொல்லப் பயந்து மச்சானிடம் பொய் சொன்னேன். அதை நம்பி நீங்களும் மற்றவர்களிடம் அப்படியே சொல்லும்படி ஆகிவிட்டது.

கலசத் தண்ணீர் ஊற்றிய பிறகு கட்டிக்கொள்ளப் பிறந்த வீட்டுப் புடவை இல்லாமல், தீபாவளிக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று மச்சான் சொன்னார். தட்டை மாமாவின் தங்கை எடுத்துக் கொடுத்தார் என்றும் சொன்னார். அது நான் நிற்க வேண்டிய இடம். அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் முன்பே வந்திருப்பார்.

என்னை மன்னியுங்கள், அத்தை. மாமாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மச்சானிடம் பேசி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

புடவையும் வேட்டியும் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். நாங்கள் நால்வரும் கொண்டுவந்து கொடுக்க ஆசைப்படுகிறோம். எந்த நாள் என்று நீங்களும் மாமாவும் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றாலும் சரி, நீங்கள் சொல்லும்போது வருகிறோம்.

உங்கள் தம்பி மகன்,
(பெயர்)

இவ்வளவுதான். பெரிய எழுத்தில் எழுதினால் இரண்டு பக்கம் வரும். மூன்றாவது பக்கம் போனால் எங்கேயோ சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம், திரும்பிப் படித்துப் பாருங்கள்.

சில இடங்களுக்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். நலம் விசாரிப்பதை ஒரு வரியில் வைத்தேன். அது இல்லாமல் ஆரம்பித்தால் அந்த வயதுக்காரர்களுக்கு மொட்டைக் கடிதம் போல இருக்கும், நாலு வரிக்குப் போனால் விஷயத்துக்கு வரப் பயப்படுகிறான் என்று தெரிந்துவிடும். முழங்கால் வலி நான் போட்டது. மாமாவுக்கு உண்மையில் என்ன தொந்தரவோ அதை எழுதுங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள்.

"உங்கள் மனம் எவ்வளவு துடித்திருக்கும்" என்பது போன்ற வரி எதுவும் கடிதத்தில் இல்லை, கவனித்தீர்களா? நடந்ததை எழுதலாம். அவர் மனத்தில் இருந்ததை நீங்கள் எழுதக் கூடாது. அது அவர் உங்களிடம் சொல்ல வேண்டியது, சொல்ல அவருக்கு ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். அப்பாவைப் பற்றி ஒரே வரிதான் இருக்கிறது, அதற்கு மேல் சேர்க்காதீர்கள். இறந்த தம்பியை இழுத்து அக்காவை அழ வைத்து மன்னிப்பு வாங்குவது எனக்குப் பிடிக்காத வழி. அத்தைக்கும் அது புரியாமல் போகாது. மாமாவைத் தனியாகக் குறிப்பிட்டதற்குக் காரணம், விசேஷமே அவர் வயதுக்குத்தான். அத்தை என்றாவது ஒரு நாள் வருத்தத்தைச் சொல்லிவிடலாம், மாமா ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் மரியாதைக் குறைவு இரண்டு பேருக்கும்தான்.

உறையின் மேல் அத்தையின் பெயரைத் தமிழிலும், முகவரியைத் தபால்காரருக்குத் தெரியும்படி மலாயிலும் எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். போட்ட மறுநாளே "கடிதம் வந்துச்சா அத்தை?" என்று போன் போட்டுவிடாதீர்கள். அது பதிலைப் பிடுங்குவது போல ஆகிவிடும். கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்கள், போய்ச் சேர்ந்ததா என்பது தபால் எண்ணை வைத்தே தெரிந்துவிடும். அப்புறம் ஒரு இரண்டு வாரம் சும்மா இருங்கள்.

கடிதம் வேலை செய்ததா என்பதை எப்படிக் கண்டுகொள்வது? அவர் போன் போட்டு "பரவால்லப்பா" என்றால் இன்னும் இல்லை. அதைத்தான் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறாரே. "ஏண்டா, ஒரு போன் போட்டு வர முடியலன்னு நேரா சொல்லியிருக்கக் கூடாதா? நான் எல்லார்கிட்டயும் காடி காடின்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று திட்டினால் வேலை செய்துவிட்டது. திட்டுவது உங்களை மறுபடி சொந்தமாக எடுத்துக்கொண்டதன் அடையாளம். அப்போது "இல்ல அத்தை, கம்பெனியில..." என்று ஆரம்பித்தீர்களோ, கடிதம் எழுதிய பலன் போச்சு. "ஆமா அத்தை" என்பதைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை. அவர் அன்று நடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பிக்கலாம், யார் வந்தார்கள், ஐயர் எத்தனை மணிக்கு வந்தார், சாம்பாரில் உப்பு எப்படி என்றெல்லாம். நீங்கள் பார்க்காத விசேஷத்தை உங்களுக்குக் காட்டுகிறார். அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் சத்தமே இல்லையென்றால் மச்சான் மனைவியிடம் ஒரு தடவை கேட்கலாம், "அத்தை படிச்சாங்களா?" என்று மட்டும். "என்ன சொன்னாங்க?" வேண்டாம். படித்தார் என்றால் இன்னும் காத்திருங்கள். இரண்டாவது கடிதம் எழுதாதீர்கள். வழக்கமாக நீங்கள் பேசும் நாள்களில் எப்போதும் போலப் போன் போட்டு நலம் விசாரியுங்கள், இந்த விஷயத்தை நீங்களாக எடுக்காதீர்கள். சில பேருக்கு ஆறு மாதம் ஆகும். ஒருவேளை அவர் கடைசிவரை அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிடலாம். அப்படி நடந்தாலும் அவரை நெருக்கக் கூடாது, மன்னிப்பது அவர் இஷ்டம்.

வரச் சொன்னால் நாளை அவர்களே குறிக்கட்டும். புடவை கொடுப்பதற்குச் சில வீடுகளில் ஆடி மாதம் வேண்டாம் என்பார்கள், சில வீடுகளில் செவ்வாயும் சனியும் ஆகாது. உங்களுக்கு வசதியான ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் முன்வைக்காதீர்கள். ஒரு நாள் லீவு எடுத்தால் குறைந்துவிட மாட்டீர்கள். முதல் நாளே போய்விடுங்கள், இந்தத் தடவையாவது. பூவும் வெற்றிலையும் பழமும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் காலையில் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். தட்டில் புடவை, வேட்டி, மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்து மனைவியும் நீங்களும் சேர்ந்து பிடித்து இருவர் கையிலும் கொடுங்கள். நால்வரும் காலில் விழுந்து அட்சதை வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டாம், முக்கியமாக ஸ்டேட்டஸில் போட வேண்டாம். அத்தை அந்தப் புடவையை உடனே கட்டிக்கொண்டு வரலாம், அல்லது "அப்புறம் கட்டிக்கிறேன்" என்று உள்ளே வைத்துவிடலாம். இரண்டில் எதற்கும் நீங்கள் அர்த்தம் தேட வேண்டாம்.

அந்த 500 வெள்ளி. கடிதத்தோடு அனுப்பினால் வராததற்குக் கட்டும் அபராதமாகத் தெரியும், அத்தை அதைத் தொடவும் மாட்டார். மொய்யாகக் கொடுக்க வேண்டும் என்று மனம் இருந்தால் நேரில் போகும்போது 501 ஆக உறையில் போட்டு எடுத்துப் போங்கள். மொய் நோட்டு எப்போதோ மூடியாயிற்று, அதனால் யாரும் எழுதிக்கொள்ளப் போவதில்லை. மாமாவிடம் கொடுங்கள், அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அத்தையிடம் கொடுத்தீர்களானால் நீங்கள் கிளம்பும்போது அதே உறை உங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்துவிடும்.